கழிப்பறை போவதற்குள் கசிந்துவிடுகிறது

"எனக்கு 29 வயது. கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறேன். ஏழு மாசம் முன்னால் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள், கீழே கிழிந்து தையலும் போட்டார்கள். இப்போது மலம் வருகிற மாதிரி இருந்தால் கழிப்பறை போவதற்குள் கசிந்துவிடுகிறது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பயிற்சி செய்தால் சரியாகுமா டாக்டர்?"

பலருக்கு நன்றாகவே குறைகிறது அம்மா. ஆசனவாயில் இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் தானாகவே இறுகியிருக்கும். வெளிவளையம் நாம் நினைத்து இறுக்குவது. ஆயுதப் பிரசவத்தில் அதிகம் கிழிவது இதுதான். உணர்வு வந்தும் அடக்க முடியாவிட்டால் பெரும்பாலும் வெளிவளையம் பலவீனம். தெரியாமலே துணியில் பட்டிருந்தால் உள்வளையத்தைச் சந்தேகிப்போம். நீங்கள் சொல்வது முதல் வகை, பயிற்சிக்கு நன்றாக இணங்குவது.

ஒருக்களித்துப் படுத்து, நாலு பேர் நடுவில் வாயு பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, பத்து எண்ணும் வரை முழுதாகத் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை, கடைசியில் பத்து வேகமான இறுக்கல்கள். தினமும் மூன்று வேளை. சில வாரங்களில் பிடிப்பைப் பத்து எண்ணிக்கைக்குக் கொண்டு போகலாம். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. இறுக்குவதாக நினைத்து முக்குகிறவர்கள் நிறையப் பேர், அது கெடுதல். ஒருமுறை கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஆசனவாய் உள்ளே சுருங்கினால் சரி, வெளியே பிதுங்கினால் தப்பு. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

தோட்டத்தில் அவசரம் வந்தால் சரிவில் ஓடாதீர்கள். நின்று, நாலைந்து முறை இறுக்குங்கள். அந்த அலை தணிந்த பிறகு நடங்கள்.

மலம் தண்ணீராக இருந்தால் நல்ல தசையாலும் பிடிக்க முடியாது. இசப்கோல் ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால் கெட்டிப்படும். சூடான டீயும் காலை உணவும் குடலைத் தூண்டும். ஆகவே அவற்றை வீட்டிலேயே முடித்து, அரைமணி நேரத்துக்குள் கழிப்பறை போய்விட்டுத் தோட்டத்துக்குக் கிளம்புங்கள். கழிச்சலை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம், பால் கொடுக்கிறீர்கள்.

மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் ஆசனவாய் ஸ்கேன் தேவைப்படும். வளையம் எங்கே, எவ்வளவு அறுந்திருக்கிறது என்று அதில் தெரியும். தசை இறுகுவதைத் திரையில் காட்டிக் கற்றுத்தரும் பயிற்சி, அறுந்ததைச் சேர்த்துத் தைக்கும் அறுவை, கீழ்முதுகு நரம்பைத் தூண்டும் சிறு கருவி ஆகியவை அடுத்த வழிகள். அறுவையின் பலன் ஆண்டுகள் போகப் போகக் குறையலாம், அதனால்தான் முதலில் பயிற்சி என்கிறேன்.

பிறப்புறுப்பு வழியாக வாயுவோ மலமோ வந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். அது இடையில் விழுந்த ஓட்டை, பயிற்சியால் மூடாது. உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மறுபடி கர்ப்பமானால் முதல் பரிசோதனையிலேயே இந்தத் தையலையும் கசிவையும் சொல்லிவிடுங்கள், சிசேரியன் தேவையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.