ஐந்து கோடியில் ஒன்று

அன்புள்ள ஐயா,

நான் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பயிற்றுநர். தாமிரம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், கலப்படம் இருந்தால் கெட்டுப்போகும் என்றுதான் பாடம் நடத்துகிறேன். சிலிக்கானில் மட்டும் துளி பாஸ்பரஸ் சேர்த்தால் கடத்தும் திறன் பல்லாயிரம் மடங்கு ஏறும் என்கிறது புத்தகம். அது எப்படி என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவன் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறான். இதே பாஸ்பரஸைத் தாமிரத்தில் சேர்த்தால் அதன் கடத்தும் திறன் குறையத்தான் செய்யும். பாஸ்பரஸ் மாறவில்லை, அது போய்ச் சேர்கிற இடம்தான் வேறு.

தாமிரத்தில் அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே சுதந்திரமாகத் திரிகின்றன. அந்தக் கூட்டத்தில் இன்னும் நாலு பேர் வந்தால் யாருக்குத் தெரியும்? வந்த அணு ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்பதுதான் மிச்சம். சுத்தமான சிலிக்கான் ஆளில்லாத தெரு. அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. அறை வெப்பத்தில் சுமார் 5 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இப்போது 5 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணுவைப் போடுங்கள். சிலிக்கானின் வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான்கள், பாஸ்பரஸுக்கு ஐந்து. நான்கு பிணைப்புக்குப் போய்விடும். ஐந்தாவதற்கு வேலையே இல்லை. சிலிக்கானின் பிணைப்பிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு இருந்தாலே அது கழன்றுவிடும். அறையின் சூடே அதற்குப் போதும். ஆக 5 லட்சம் கோடிக்கு ஒன்று என்று இருந்த எலக்ட்ரான், 5 கோடிக்கு ஒன்று என்று ஆகிவிடுகிறது. ஒரு லட்சம் மடங்கு! பாஸ்பரஸ் கொஞ்சம்தான், ஆனால் அங்கே இருந்தது அதைவிடக் கொஞ்சம். மாணவனிடம் இந்த இரண்டு எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் இது எவ்வளவு என்று பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். 100 கிலோ சிலிக்கானுக்கு 2 மில்லிகிராம் சொச்சம் பாஸ்பரஸ். உருக்கும் உலையில் இன்னும் கூடுதலாகப் போட வேண்டும், சுமார் 6 மில்லிகிராம். காரணம், சிலிக்கான் உறையும்போது பாஸ்பரஸை எளிதில் உள்ளே விடுவதில்லை. உருகிய குழம்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் படிகத்துக்குள் போகிறது. இவ்வளவு சிறிய எடையை நம்பி நிறுத்துப் போட முடியாது என்பதால், முன்கூட்டியே பாஸ்பரஸ் ஏற்றிய சிலிக்கான் துண்டை நிறுத்துப் போடுகிறார்கள். வெளியே தள்ளப்பட்ட பாஸ்பரஸ் மிச்சக் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரே தண்டில் முதலில் உறைந்த முனையைவிடக் கடைசியில் உறைந்த முனை நன்றாகக் கடத்தும். தண்டை அறுத்தபின் துண்டு துண்டாக மின்தடையை அளந்துதான் தரம் பிரிக்க முடியும்.

இந்தத் தள்ளிவிடும் குணம்தான் 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவரைக் குழப்பியது. நடுவில் கீறல் விட்ட ஒரு சிலிக்கான் தண்டின் மேல் வெளிச்சம் பட்டதும் ஏறக்குறைய அரை வோல்ட் காட்டியது. தண்டின் ஒரு பாதியில் போரான் மிஞ்சியிருந்தது, மறு பாதியில் பாஸ்பரஸ். போரானுக்கு வெளிச்சுற்றில் மூன்றே எலக்ட்ரான். அது ஒரு காலியிடத்தை உண்டாக்கும், அந்தக் காலியிடமும் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டும் சம அளவில் ஒரே இடத்தில் இருந்தால், பாஸ்பரஸ் கொடுத்ததைப் போரான் விழுங்கிவிடும். கலப்படம் இரண்டு மடங்கு, கடத்தல் மறுபடி அடிமட்டம். "சேர்த்தால் ஏறும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, பாஸ்பரஸ் உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அன்றைய நிறமாலைக் கருவிக்கு அது அகப்படவில்லை. அங்கே உலோகவியலாளர்களாக இருந்த ஸ்காஃபும் தியூரரும் அந்த வகைச் சிலிக்கானை அறுக்கும்போது ஒரு வாடையைக் கவனித்தார்கள். கேஸ் வெல்டிங் பட்டறையில் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருமே, அந்த வாடை. அதற்குக் காரணம் பாஸ்பீன் வாயு. கருவிக்குச் சிக்காத பாஸ்பரஸ் மூக்குக்குச் சிக்கியது.