பங்கை அடகு வைத்து மேலும் பங்கு வாங்கலாமா?

கேள்வி: மாங்காய் வியாபாரம் செய்கிறேன். 10 லட்ச ரூபாய்க்குப் பங்குகள் இருக்கின்றன. அதை பிளெட்ஜ் செய்தால் 8 லட்சம் மார்ஜின் கிடைக்கும், அதை வைத்து, பங்கு வாங்க புரோக்கரே கடன் தரும் எம்.டி.எஃப்.பில் இன்னும் 10 லட்சத்துக்கு வாங்கலாம், வட்டி 15 சதவீதம் என்கிறார் புரோக்கர். செய்யலாமா? – வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: 10 லட்சத்துக்கு வேண்டாம். அந்த 8 லட்சம் உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல, வெறும் பிணை மதிப்பு. அதனால் வாங்கும் 10 லட்சமும் முழுக்கவே கடன். வட்டி மாதம் 12,500 ரூபாய், விலை ஏறினாலும் இறங்கினாலும்.

இப்போது எல்லாப் பங்கும் 25 சதவீதம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அடகில் இருப்பது 7.5 லட்சமாகிவிடும். ஏற்ற இறக்கம் கூடும்போது, அடகுப் பங்கின் மதிப்பில் புரோக்கர் கழித்துக்கொள்ளும் கழிவு விகிதமும் (ஹேர்கட்) கூடும். இன்று 20 சதவீதம் என்றால் அன்று 25 ஆகலாம். அப்போது பிணை மதிப்பு சுமார் 5.6 லட்சம்தான். கடனில் வாங்கியதில் வந்த 2.5 லட்சம் நஷ்டத்தையும் அதிலேயே கழிப்பார்கள். மிச்சம் 3.1 லட்சம். வாங்கிய பங்குக்கான மார்ஜின் 40 சதவீதத்திலிருந்து 50 ஆகியிருந்தால், அதன் 7.5 லட்சம் மதிப்பில் பாதி, அதாவது 3.75 லட்சம் தேவை. அறுபதாயிரத்துக்கு மேல் பற்றாக்குறை. அதைக் கட்டச் சொல்லி மார்ஜின் கால் வந்துவிடும். உங்கள் சொந்த முதலோ ஏற்கெனவே 10 லட்சத்திலிருந்து பாதியாகியிருக்கும், வட்டி போகாமலேயே.

பிணையும் வாங்கிய பங்கும் ஒரே சந்தையில், ஒரே நாளில் விழுவதுதான் இதில் உள்ள ஆபத்து. குறித்த நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் புரோக்கர் விற்றுவிடுவார், அதுவும் விலை அடிமட்டத்தில் இருக்கும்போது. பிறகு சந்தை மீண்டாலும் அந்தப் பங்கு உங்களிடம் இருக்காது. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி சுமார் 38 சதவீதம் சரிந்தது. அந்த மாதிரி ஒரு மார்ச்சில் உங்களுக்கு மார்ஜின் கால் வந்தால், மாங்காய்ப் பணம் வர இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கும். அதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கினால் ஒரு கடனுக்கு இன்னொரு கடன்.

கட்டாயம் செய்துதான் ஆக வேண்டும் என்றால் 2 லட்சத்தோடு நிறுத்துங்கள். பங்குகள் பாதியாகி, கழிவு 40 சதவீதமானாலும் உங்கள் பிணை 3 லட்சம். நஷ்டம் 1 லட்சம் போக மிச்சம் 2 லட்சம், தேவை 50,000 மட்டுமே. வட்டி மாதம் 2,500 ரூபாய்.

எம்.டி.எஃப்.பில் வாங்கும் பங்கும் அடகில்தான் இருக்கும். நீங்கள் அடகு வைக்கும் பங்கு அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் அதன் பிணை மதிப்பு பூஜ்யமாகிவிடும், விலை இறங்காமலே. ஆகவே சிறு நிறுவனப் பங்குகளை அடகுக்குக் கொடுக்காதீர்கள்.

ஜூலையில் பணம் வந்ததும் முதலில் இந்தக் கடனை அடையுங்கள். அடைத்தாலும் அடகு தானாக விடுபடாது. பங்கை விடுவிக்கத் தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.