கோடு விழுற இடத்தில ஆக்கள் என்ன நினைச்சாங்க?

மூதூரிலிருந்து: அண்ணன், யூடியூப்பில என்ட நண்டுக்கறி வீடியோவை ஒவ்வொரு நேரத்திலயும் எத்தினை பேர் பார்க்கிறாங்க எண்டு காட்டுற பார்வையாளர் கோடு 2:10 இல சடாரெண்டு விழுது. உயிர் நண்டை வெட்டுறதைப் பார்த்துத்தான் ஓடுறாங்க போல. அந்தத் துண்டை எடுத்துவிடவா?

இப்ப எடுக்காதீங்க தங்கச்சி. விழுந்த கோடு கொஞ்சத்தில திரும்ப ஏறுதா எண்டு முதல்ல பாருங்க. ஏறினா ஆக்கள் அந்த இடத்தைத் தாண்டி முன்னுக்குத் தள்ளியிருக்காங்க. ஏறாமலே கிடந்தா விட்டுட்டுப் போயிட்டாங்க. ஏன் எண்டு கோடு சொல்லாது. அதுக்கு நாலைஞ்சு பேரை இருத்தி, பார்க்கும்போது மனசில ஓடுறதை அப்பிடியே வாய்விட்டுச் சொல்லச் சொல்லணும்.

உப்புவெளியில என்ட சிநேகிதன் ஒருத்தனுக்கும் இதே சந்தேகம். அவன்ட கணவாய்க்கறி வீடியோவில 3:05 இல விழுந்திச்சு. மைப்பையைப் பிய்க்கிற காட்சிதான் காரணம் எண்டு நின்டான். அஞ்சு பேரை ஒவ்வொருத்தரா விறாந்தையில இருத்தினோம். மைப்பை வந்த நேரம் ஒருத்தர் முகத்தைச் சுளிச்சார், ஆனா தொடர்ந்து பார்த்தார். மூன்றாவதா வந்தவர் ஒரு டியூசன் வாத்தியார். கொஞ்சம் பிந்தி, "ஆ, முடிஞ்சுதா" எண்டு சொல்லிக்கொண்டே பெருவிரலால வீடியோவை மூடினார். திருப்பிப் போட்டுப் பார்த்தா, மைப்பைக்குப் பிறகு சமைச்சு முடிஞ்ச கறியை 6 செக்கன் மெல்லிய இசையோட காட்டியிருந்தான். "இப்பிடி வரும்" எண்டு காட்டத்தான் போட்டது. இன்னும் ரெண்டு பேர் அதையே முடிவு எண்டு எடுத்தாங்க. விரல் அசையக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதால கோடு விழுற இடத்தை மட்டும் பார்க்காம, அதுக்கு முன்னுக்குள்ள பத்துப் பதினைஞ்சு செக்கனையும் பாருங்க.

கின்னியாவிலிருந்து: அஞ்சு பேர் போதும், 85 வீதப் பிழை பிடிபடும் எண்டு வாசிச்சன். சரிதானே நானா?

பாதி சரி. அந்தக் கணக்கு, மென்பொருளை ஆக்கள் எப்பிடிப் பாவிக்கிறாங்க எண்டு ஆராய்ஞ்ச நீல்சனும் லாண்டவரும் 1993 இல சொன்னது. மென்பொருளைப் பாவிக்கும்போது வாற பிழைகளில ஒருத்தர் சராசரியா 31 வீதத்தைக் காட்டிக்கொடுப்பார், அஞ்சு பேரில ஏறக்குறைய 85 வீதம் வரும் எண்டது. உங்களுக்கு வேண்டியது ஒரே கணத்தின் காரணம். "அஞ்சில மூணு பேர் முடிஞ்சுது எண்டு நினைச்சாங்க" எண்டதை வைச்சு "60 வீதம் அதாலதான் போனாங்க" எண்டு எழுதவே கூடாது. காரணம் ஒண்டு இருக்கு எண்டு மட்டும் தெரியும். இன்னொண்டு, யாரைக் கூப்பிடுறீங்க எண்டது எண்ணிக்கையைவிட முக்கியம். புதுசா வாறவங்க, திரும்பி வாறவங்க எண்டு யூடியூப் ஸ்ரூடியோவில கோட்டைப் பிரிச்சுப் பாருங்க. புது ஆக்கள்ட கோடுதான் விழுதெண்டா, உங்க சேனலை ஒருநாளும் பார்க்காதவங்களைத்தான் இருத்தணும்.

நிலாவெளியிலிருந்து: நான் கணிதப் பாடம் எடுக்கிறன். பார்க்கிற ஆள் கதைச்சா என்ட குரல் கேக்காதே?

கேக்காது. உங்களுக்கு வேற வழி. போன் திரையைப் பதிவு செஞ்சபடி பேசாமப் பார்க்க விடுங்க. முடிஞ்ச உடனே அந்தப் பதிவை ஓடவிட்டு, "இந்த நேரம் மனசில என்ன ஓடிச்சு" எண்டு சொல்லச் சொல்லுங்க. இதில ஒரு நட்டம் இருக்கு. ஆக்கள் பிந்தி யோசிச்சு, நல்ல காரணமாக் கட்டிச் சொல்லிடுவாங்க. அதால தொடக்கத்திலிருந்தே ஓடவிடுங்க, கோடு விழுற இடத்தில நிப்பாட்டிக் கேட்டா அதுதான் பிரச்சினை எண்டு பிள்ளைக்கு விளங்கிடும். "ஏன்" எண்டும் கேக்காதீங்க. வாய்விட்டுச் சொல்ற முறையை ஆராய்ஞ்ச எரிக்சனும் சைமனும் சொன்னது அதுதான்: மனசில இருக்கிறதைச் சொல்றது நினைப்பைப் பெரிசா மாத்தாது, காரணம் விளக்கச் சொன்னா மாத்தும். ஆள் மௌனமாகினா "கதைச்சுக்கொண்டிருங்க" எண்டது போதும். பழக்கத்துக்கு முதல்ல, "உங்கட வீட்டில எத்தினை ஜன்னல்" எண்டு வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு அறையா மனசில நடந்து போறது உங்களுக்கே கேக்கும்.

தம்பலகாமத்திலிருந்து: என்ட வீடியோவுக்கு ரெண்டாம் நாளே வியூ பாதியாகுது. இதுக்கும் ஆக்களை இருத்தலாமா?

அது வேற எண்ணிக்கை தம்பி. அந்த ஆக்கள் வீடியோவைத் திறக்கவே இல்லை. எங்கிருந்து வந்தவங்க குறைஞ்சாங்க எண்டு பாருங்க.

நகரத்திலிருந்து: முன்னால இருத்தினா மரியாதைக்கு முழுசும் பார்ப்பாங்களே. அப்ப என்ன உண்மை வரும்?

இதுக்கு என்னட்ட முழு மருந்து இல்லை. வீடியோ எடுத்தவரை வெளியில அனுப்புவன். பக்கத்தில இருப்பன், எதிரே இல்லை. அவங்கட போனையே கையில கொடுத்து, மூணு வீடியோவை வரிசையில வைச்சு, "வீட்டில போல பாருங்க, வேணாமெண்டா அடுத்ததுக்குப் போங்க" எண்டு சொல்லுவன். அப்பிடியும் ஒரு அம்மா கடைசி வரை பார்த்திட்டு, "நீ தந்தபடியால பார்த்தன் மகன்" எண்டார். அதால ஒருத்தர் இருந்து பார்த்ததை நான் சாட்சியா எடுக்கிறதில்லை. விட்டுப்போனதையும், போற நேரம் வாயில வந்ததையும் எடுக்கிறன். சிநேகிதன் அந்த 6 செக்கனை வெட்டினான். செங்குத்தா விழுந்தது போயிட்டு, ஆனா அதே பக்கத்தில சரிவு கொஞ்சம் இருக்கு. அது மைப்பையாலயா எண்டு அவனும் நானும் இன்னும் வாதாடுறோம்.

மூதூரிலிருந்து, திரும்ப: அண்ணன், கோடு ஏறவே இல்லை. அப்ப விட்டுத்தான் போறாங்க. முதல் ஆளா என்ட உம்மாவை இருத்தவா?

உம்மா வேணாம். நண்டு வெட்டினது அவங்கதானே.