எண்ணுக்கு முன் கையெழுத்து

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்குப் புது போன், புது எண் வாங்கிக் கொடுத்தோம். வங்கியில் பழைய எண்ணே இருக்கிறது. கை நடுக்கத்தால் கையெழுத்தும் மாறிவிட்டது. அப்படியே விட்டால் என்ன ஆகும்?

முதலில் கையெழுத்தை மாற்றுங்கள். எண் மாற்றும் படிவத்திலும் அப்பா கையெழுத்திட வேண்டும். அது வங்கியிலுள்ள பழைய மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் படிவம் திரும்பி வரும். கணக்கு சேலத்துக் கிளையில் என்றால், மலையிறங்கிப் போனதுதான் மிச்சம். ஆதார் அசல், நகல், பாஸ்புக், புகைப்படத்துடன் அப்பாவே போய், அதிகாரி முன்னிலையில் புதுக் கையெழுத்தைப் போட வேண்டும். உங்களை மட்டும் அனுப்பினால் வேலை நடக்காது.

அதற்குமுன், பழைய கையெழுத்தில் கொடுத்து இன்னும் பணமாகாத காசோலை இருக்கிறதா என்று கேளுங்கள். காப்பித் தோட்டத்து உரத்துக்காக 10ஆம் தேதியிட்டு ஒரு காசோலை கொடுத்திருக்கிறார், 8ஆம் தேதி மாதிரியை மாற்றுகிறார் என்று வையுங்கள். கடைக்காரர் அதை வங்கியில் போட்டதும் ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திரும்பிவிடும், கட்டணமும் பிடிப்பார்கள். அதைத் திரும்ப வாங்கிப் புதிதாக எழுதிக் கொடுப்பதே சுலபம்.

எண்ணை மாற்றாவிட்டால், புது சிம்மிலிருந்து யுபிஐ பதிவு நடக்காது. வங்கியிலுள்ள எண்ணிலிருந்தே குறுஞ்செய்தி போக வேண்டும். அதைவிட மோசம், துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். பிறகு அப்பாவின் ஓடிபி யாரோ ஒருவரின் போனில் வரும். பணம் திருடுபோனாலும் எச்சரிக்கை அங்கேதான் போகும்.

ஆதாரிலுள்ள எண் தனி. வங்கியில் மாற்றினால் அது மாறாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும்.