ஐந்தாம் பகுதிக்கு ஆள் வரவில்லையா? - யூடியூப் சேனல் கேள்வி-பதில்

சேனல் டிரெய்லர் நாலு நிமிடம் வந்துவிட்டது. போடலாமா? (வில்லியனூர் வாசகர்)

வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். சப்ஸ்கிரைப் செய்யாதவர் கண்ணில் படும் வீடியோ அது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எடுத்த காட்சி அரை நிமிடம் ஓடினால் அவர் போய்விடுவார். உங்கள் தொடர்களில் இருந்து சுவையான மூன்று நான்கு துண்டுகளை வெட்டி ஒட்டி, எந்தக் கிழமை புது வீடியோ வரும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவருக்கு வேறு வீடியோவைக் காட்ட அதே இடத்தில் தனி வசதி உண்டு. ஓடும் தொடரின் முதல் பகுதியை அங்கே வையுங்கள். அப்புறம், உங்கள் சொந்த லாகினில் இருந்து சரிபார்க்காதீர்கள். வேறு யாராவது போனை வாங்கிப் பாருங்கள்.

என் சேனல் வளரவில்லை. என்ன காரணம்? (நெல்லித்தோப்பு)

சேனல் எதைப் பற்றியது என்றே எழுதவில்லை. லிங்கும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

கடலூர் வரலாறு பற்றி அரைமணி நேர வீடியோக்களாக ஒரு தொடர் போடுகிறேன். முதல் பகுதிக்கு இருபதாயிரம் பேர் வந்தார்கள், ஐந்தாவதுக்கு ஆயிரத்தைந்நூறுதான். விளம்பரம் கொடுக்கலாமா? (கடலூர் முதுநகர்)

பணத்தைப் பையிலேயே வையுங்கள். இவர் லிங்க் அனுப்பியிருந்ததால் உள்ளே போய்ப் பார்த்தேன். நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கும் தவறுகள் எல்லாம் வரிசையாக நின்றன.

முதலாவது, பிளேலிஸ்ட். அதன் வரிசை Date published (newest) என்று இருக்கிறது. அதாவது ஐந்து ஓடி முடிந்ததும் நாலு, அதன் பிறகு மூன்று. கதையைப் பின்னாலிருந்து சொல்கிறீர்கள்! Manual என்று மாற்றி, கையால் ஒன்று முதல் ஐந்து வரை அடுக்குங்கள். கையோடு பிளேலிஸ்ட் அமைப்புகளில் அதை அதிகாரபூர்வத் தொடராகவும் குறித்துவிடுங்கள். அப்படிக் குறித்தால் இவையெல்லாம் ஒரே வரிசையில் பார்க்க வேண்டியவை என்று யூடியூபுக்குத் தெரியும்.

இரண்டாவது, எண்ட் ஸ்கிரீன். எல்லாப் பகுதியிலும் ‘கடைசியாகப் போட்டது’ என்று விட்டிருக்கிறீர்கள். முதல் பகுதியைச் சுவைத்துப் பார்த்து முடித்தவரின் கண்முன் நேற்றுப் போட்ட மீன் குழம்பு வீடியோ வந்து நிற்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் அடுத்த பகுதியைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். புதுப் பகுதி ஏற்றிய அன்றே பழையதைத் திறந்து இதைச் செய்துவிட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு நிமிடம்தான் ஆகும். எண்ட் ஸ்கிரீன் வருவது கடைசி ஐந்திலிருந்து இருபது விநாடிக்குள். அந்த நேரத்தில் நீங்கள் “நன்றி, வணக்கம்” என்கிறீர்கள். வணக்கம் கேட்டதும் தமிழன் எழுந்துவிடுவான். அடுத்த பகுதிக்காகத் தீராமல் நிற்கும் கேள்வியை அங்கே பேசுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். ‘கடலூர் வரலாறு பகுதி 4’ என்று ஒரு தலைப்பு. யாரோ ஒருவரின் முகப்பில் இது வந்தால், முந்தைய மூன்றைப் பார்க்காத அவர் ஏன் தொடுவார்? உள்ளே இருக்கும் சரக்கோ பிரமாதம். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்ந்து கைமாறியது. இதைத் தலைப்பில் வைக்காமல் வேறு எதை வைப்பது? ‘குண்டு விழுந்த தூரம் வரை அவர்களுக்கே | கடலூர் வரலாறு 4’ என்று போடுங்கள். எண் கடைசியில் இருக்கட்டும், தொடரைப் பின்பற்றுபவர் தேடிக்கொள்வார். நாலாவதைத் தற்செயலாகப் பார்த்தவரும் முதல் பகுதிக்குத் திரும்பிப் போவார். அதற்கு ஒவ்வொரு பகுதியும் தனியாகப் பார்த்தாலும் புரிய வேண்டும். அதற்காக இப்போது போல மூன்று நிமிட முன்கதை வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும்.

பலன் தெரிகிறதா என்று மொத்த வியூஸைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து இரண்டாம் பகுதியின் அனலிடிக்ஸில் பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பிளேலிஸ்ட், எண்ட் ஸ்கிரீன் இரண்டின் பங்கும் கூடியிருந்தால் வழி திறந்துவிட்டது. கூடவில்லையென்றால் முதல் பகுதியின் ரிடென்ஷன் கோட்டைப் பாருங்கள். பாதியிலேயே எல்லாரும் இறங்கிவிட்டிருந்தால், கடைசியில் எந்தப் பொத்தானை வைத்தும் பயனில்லை. முதல் பகுதியைத்தான் சரிசெய்ய வேண்டும். ஐந்தாவது முதலாவதை எட்டிப்பிடிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எந்தத் தொடரிலும் கொஞ்சம் சரியும்.

ஒரே வீடியோவை இரண்டு பிளேலிஸ்டில் வைக்கலாமா? (பண்ருட்டி)

சாதாரண பிளேலிஸ்ட் என்றால் தாராளமாக. அதிகாரபூர்வத் தொடர் என்றால் ஒன்றில்தான்.

சேனல் முகப்பில் எத்தனை வரிசை வைக்கலாம்? (பாகூர்)

பன்னிரண்டு வரை இடம் உண்டு. நாலுக்கு மேல் வேண்டாம். ஓடும் தொடர் மேலே, முடிந்த தொடர்கள் கீழே. இரண்டே வீடியோ உள்ள பிளேலிஸ்டைக் காட்டாதீர்கள், காலிக் கடை மாதிரி இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், அடுத்தவர் போனில் பாருங்கள்.

பழைய பகுதிகளை அழித்துவிட்டு முன்கதை இல்லாமல் மறுபடி ஏற்றட்டுமா? (மறுபடியும் முதுநகர் வாசகர்)

ஐயா, அழிக்காதீர்கள். வந்த வியூஸ், கமெண்ட், வாட்ஸாப்பில் சுற்றும் லிங்க் எல்லாம் அதோடு போய்விடும். ஸ்டூடியோவின் எடிட்டரிலேயே அந்த மூன்று நிமிடத்தை வெட்டலாம், லிங்க் அப்படியே இருக்கும். ஆனால் வெட்டியதும் உடனே மாறாது, நீள வீடியோவுக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.