டிஷ்வாஷரில் கண்ணாடி டம்ளர்கள் வெளுப்பது ஏன்?

“ராஜாக்கமங்கலத்தில் இருக்கிறோம், வீட்டில் போர் தண்ணீர்தான். டிஷ்வாஷரில் கழுவும் கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படலம் படிகிறது. மாத்திரையிலேயே உப்பும் ரின்ஸ் எய்டும் இருக்கிறது என்கிறார்கள். தனியாகவும் போட வேண்டுமா?”

போட வேண்டியிருக்கலாம்; அதற்கு முன் அந்தப் படலம் எது என்று பார்த்துவிடுங்கள். ஒரு டம்ளரை ஈர விரலால் தேய்த்தவுடன் அது போய்விட்டால், நீரில் கரைந்திருந்த சாதாரண உப்போ சோப்பின் மிச்சமோ காய்ந்து நின்றிருக்கிறது. வினிகரில் பத்து நிமிடம் ஊறிய பின் மறைந்தால் அது சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்க வழியில்லை, இனி அத்தகைய டம்ளர்களைக் குறைந்த வெப்பத்திலோ கையாலோ கழுவுவதே நல்லது.

கடலோரப் போர் தண்ணீரில் சுண்ணாம்புக்கே வாய்ப்பு அதிகம். நீரில் கரைந்துள்ள கால்சியம், நீர் சூடாகும்போது கரையாத கார்பனேட்டாக மாறிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. இதைத் தடுக்க, இயந்திரத்தின் அடியில் பிசின் மணிகள் நிரம்பிய மென்மையாக்கி ஒன்று உண்டு. மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அவை நிறைந்ததும், நீங்கள் போடும் உப்பின் கரைசல் அவற்றைக் கழுவி மீண்டும் வேலைக்குத் தயார்ப்படுத்துகிறது. ஆக, அந்த உப்பு மணிகளுக்கானதே அன்றிப் பாத்திரத்துக்கானது அன்று. மாத்திரையிலுள்ள பொருள்கள் இந்த மணிகளை எட்டுவதே இல்லை. கழுவும் நீரிலுள்ள கால்சியத்தை மட்டும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றன, அதுவும் பெரும்பாலும் 21 ஜெர்மன் டிகிரி கடினத்தன்மை வரைதான்.

உங்கள் நீரின் கடினத்தன்மையைச் சோதனைப் பட்டையால் அளந்து, லிட்டருக்கு 450 மில்லிகிராம் என்று வந்தால், அதை 17.8 ஆல் வகுங்கள். சுமார் 25 டிகிரி, அதாவது மாத்திரையின் எல்லைக்கு மேல். அந்த எண்ணுக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து இயந்திரத்தில் அமைப்பது மிக முக்கியம், ஏனெனில் அமைப்பு குறைவாக இருந்தால் உப்பு நிறைய இருந்தும் மணிகள் போதிய தடவை கழுவப்படுவதில்லை. தேவைக்கு மிஞ்சி வைத்தாலும் தீங்குண்டு. மிக மென்மையான நீர் கண்ணாடியை அரிக்கும்.

டிஷ்வாஷருக்கென விற்கும் பரல் உப்பையே போடுங்கள். சமையல் தூள் உப்பில் கலந்துள்ள கட்டிபடாமல் தடுக்கும் பொருள்கள் மணிகளை அடைத்துவிடும். உப்பை நிரப்பிய உடனே ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். சிந்திய உப்புநீர் உள்ளே நின்றால் எஃகு துருப்பிடிக்கும்.

ரின்ஸ் எய்டின் வேலை வேறு. கடைசி அலசலில் அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய திரையாக வழிந்துவிடுகிறது. துளிகளின் தடம் இருந்தால் அதன் அளவை ஒரு படி கூட்டுங்கள். நீலம் பாரித்த பிசுபிசுப்புத் தெரிந்தால் குறையுங்கள். ஈர விரலுக்கே போகும் உப்புக்கறைக்கு இதுவே ஓரளவு துணை, ஏனெனில் மென்மையாக்கி கால்சியத்தை மாற்றுகிறதே தவிர, நீரின் உவர்ப்பைக் குறைப்பதில்லை.