வேலையை விட்டவரின் மைக்ரோசாஃப்ட் 365 சீட்: கேள்விகளும் பதில்களும்

கணக்காளர்: ஜூனில் ரெண்டு பேர் போயிட்டாங்க, அக்கவுண்டை டெலிட் பண்ணியாச்சு. ஜூலை பில்லிலும் 22 சீட்டுக்கே காசு வருதே? ஏப்ரல் 1-லதான் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம்.

டெலிட் செய்தால் சீட், அதாவது ஒருவருக்கான லைசென்ஸ், காலியாகும், வாங்கிய எண்ணிக்கை குறையாது. அட்மின் பக்கத்தில் Billing > Your products போனால் 22 வாங்கியிருப்பதும் 20 கொடுத்திருப்பதும் தெரியும். பில் எப்போதும் வாங்கிய எண்ணுக்குத்தான்.

ஆண்டு ஒப்பந்தத்தில் சீட்டைக் குறைக்க, வாங்கிய அல்லது புதுப்பித்த நாளிலிருந்து 7 நாள்தான் அவகாசம். அது ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இனி மார்ச் 31 வரை 22-க்குத்தான் கட்ட வேண்டும். இடையில் புது ஆள் சேர்ந்தால் காலி சீட்டைக் கொடுங்கள், பழக்கத்தில் 23-ஆவதை வாங்கிவிடாதீர்கள். புதுப்பிக்கும்போது எத்தனை சீட் என்பதை மார்ச்சிலேயே குறைத்து வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் விற்கும் பார்ட்னர் மூலம் வாங்கியிருந்தால் அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் போட வேண்டாம். மாத ஒப்பந்தம் சுமார் 20% கூடுதல், ஆனால் மாதம் முடிந்ததும் விட்டுவிடலாம். கணக்குப் போட்டால் பத்து மாதத்துக்குள் கிளம்பிவிடுவார் என்று தோன்றும் ஆளுக்கு மாதச் சீட் லாபம், அதைத் தாண்டி இருப்பவருக்கு ஆண்டுச் சீட்.

அலுவலக மேலாளர்: போனவருக்கு இன்னும் வாடிக்கையாளர் மெயில் வருது. சீட்டையும் விடணும், மெயிலும் வேணும்.

அவருடைய மெயில்பாக்ஸைப் பலர் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றுங்கள். 50 ஜிபி வரை அதற்கு லைசென்ஸ் வேண்டாம். வரிசை முக்கியம். முதலில் சைன்-இன்னைத் தடுத்து, திறந்திருக்கும் செஷன்களை வெளியேற்றுங்கள். அடுத்து, லைசென்ஸ் இருக்கும்போதே எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பவர்ஷெல்லில் மாற்றுங்கள்:

```
Set-Mailbox -Identity sales1@example.com -Type Shared
Get-Mailbox sales1@example.com | fl RecipientTypeDetails
```

இரண்டாவது வரிக்கு `SharedMailbox` என்று பதில் வந்த பிறகே லைசென்ஸைக் கழற்ற வேண்டும். முதலிலேயே கழற்றினால் மெயில்பாக்ஸ் 30 நாள்தான் நிற்கும். அதற்குள் லைசென்ஸைத் திரும்பக் கொடுத்தால் பிழைக்கும். அக்கவுண்டையும் டெலிட் செய்யாதீர்கள், மெயில்பாக்ஸ் தொங்குவது அதில்தான்.

கடை உரிமையாளர்: இவ்வளவு எதுக்கு? பாஸ்வேர்டை மாத்தி, பேரை மாத்தி, அதே அக்கவுண்டைப் புதுப் பையனுக்குக் கொடுத்துடறோம். லைசென்ஸை இன்னொருத்தருக்கு மாத்தலாம்னு மைக்ரோசாஃப்டே சொல்லுதே.

பாதி சரி. மாற்றலாம் என்பது லைசென்ஸை, அக்கவுண்டை அல்ல. பழையவரின் சம்பளக் கடிதம் முதல் ஒன்டிரைவில் அவர் போட்டு வைத்த ஆதார் நகல் வரை புதுப் பையன் கைக்குப் போகும். யார் எப்போது என்ன செய்தார் என்று பிறகு லாக்கைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

கடை உரிமையாளர்: மூணு பேர் உள்ள கடையில லாக்கை யார் பார்க்கப் போறா?

நெட்வொர்க் பொறியாளர்: தகராறு வரும்போது வக்கீல் பார்ப்பார். ஆனா ஷேர்டு மெயில்பாக்ஸும் நிரந்தரத் தீர்வு இல்ல. அனுமதி இருக்கிற எவரும் அதிலிருந்து மெயிலை அழிக்கலாம். நான் முழுசா வெளியே எடுத்து வெச்சிடுவேன்.

அழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் வெளியே எடுத்த பிஎஸ்டி கோப்பு யாருடைய லேப்டாப்பில் கிடக்கும் என்பதும் அதே அளவு கவலைதான். வழக்கு வரக்கூடும் என்றால் லைசென்ஸை விடும் முன், அழித்தாலும் மெயிலைக் காத்து வைக்கும் ஹோல்டு போடுவதே சரி, அதற்கு எல்லாத் திட்டமும் இடம் தராது. இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

மனிதவளப் பிரிவு: மெயிலை ஷேர்டு ஆக்கிட்டோம். ஒன்டிரைவ் ஃபைல் தானா இருக்குமில்ல?

இருக்காது, பலரும் மாட்டுவது இங்கேதான். லைசென்ஸ் இல்லாத ஒன்டிரைவ் 93 நாளில் ஆர்க்கைவுக்குப் போய்விடும், திரும்ப எடுக்கக் கட்டணம் உண்டு. அக்கவுண்டை டெலிட் செய்தாலோ, நீங்கள் மாற்றி வைக்காதவரை 30 நாள்தான். வேண்டிய ஃபைல்களை அதற்கு முன்பே ஷேர்பாயின்ட்டுக்கு நகர்த்துங்கள். நகர்த்தியதும் பழைய பகிர்வு லிங்க்குகள் வேலை செய்யாமல் போகலாம், உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி மாணவர்: கூகுள் வொர்க்ஸ்பேஸில் சஸ்பெண்ட் பண்ணினா காசு மிச்சமா?

இல்லை. சஸ்பெண்ட் ஆனவருக்கும் சீட் காசு உண்டு. டெலிட் செய்தால் மீட்க 20 நாள்தான்.

புதிய உறுப்பினர்: லைசென்ஸை எடுத்துட்டேன், இப்ப மெயிலைக் காணோம்!

மேலே இரண்டாவது பதில். எடுத்து எத்தனை நாளாச்சு?

புதிய உறுப்பினர்: 26.

இன்றைக்கே லைசென்ஸைத் திரும்பக் கொடுங்கள். சீட் காலி இல்லையென்றால் மாதச் சீட் ஒன்று வாங்குங்கள். மெயில்பாக்ஸ் வந்ததும் ஷேர்டு ஆக்கிவிட்டு, பிறகு கழற்றுங்கள்.